காற்று திரும்பும் வரை

பையனுக்குப் பதினேழு வயது. கப்பலில் வேலை. கப்பல் ஓடவில்லை. இன்னும் ஆறு வாரத்துக்கு ஓடப்போவதும் இல்லை.

நான் எழுதிக்கொண்டிருக்கும் சிறுகதையின் முதல் பாரா இதுதான். ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "கப்பல் கிளம்பட்டும் சார், அப்புறம் கதையை ஆரம்பிங்க. புயல், திமிங்கிலம், கொள்ளைக்காரன்... எவ்வளவு இருக்கு!" என்றார்.

அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் இந்தக் கதையில் கப்பல் கிளம்பிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். பையனுடைய தலையெழுத்து தீர்மானமாவதே கப்பல் சும்மா நிற்கிற நாட்களில்தான். எப்படி என்று சொல்கிறேன்.

இடம், ஜான்ஜிபார். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டிய தீவு. கிராம்பு வாசனைக்குப் பேர்போனது. வருஷம் 1939. கப்பல், குவைத்திலிருந்து வந்த 'பூம்' என்ற ரகம். முன்னும் பின்னும் கூராக, பெரிய மாதுளை விதை மாதிரி இருக்கும். ஒரு இரும்புத் தகடு கிடையாது. பலகை எல்லாம் மலபார்த் தேக்கு. கயிறு நம்ம பக்கத்துத் தேங்காய் நார். அதாவது முதலாளி அரபி, உடம்பு கேரளா. இன்ஜின் என்ற பேச்சே இல்லை. பாய்மரம், அதில் சாய்வாகத் தொங்கும் ஒரு நீளமான பருமல், அதில் கட்டிய முக்கோணப் பாய். அவ்வளவுதான்.

இதையெல்லாம் நான் ரூம் போட்டு யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஆலன் வில்லியர்ஸ் என்று ஒரு ஆஸ்திரேலிய மாலுமி. 1938 டிசம்பரில் ஏடனில் இப்படி ஒரு குவைத் கப்பலில் தொற்றிக்கொண்டார். ஆப்பிரிக்கக் கரை முழுக்கச் சுற்றி, 1939-ல் குவைத் போய் இறங்கினார். அந்த அனுபவத்தை 1940-ல் 'சன்ஸ் ஆஃப் சிந்துபாத்' என்று புத்தகமாகப் போட்டார். அந்த மாலுமிகள் எப்படிக் கடனில் பிறந்து கடனில் கரைந்தார்கள் என்பதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அந்தக் கப்பல்களில் ஒன்றில் என் பையனையும் ஏற்றிவிட்டேன். பெயர் வைக்கவில்லை. கப்பலில் எல்லோரும் அவனைப் 'பையன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நமக்கும் அது போதும்.

சரி, ஏன் காத்திருக்க வேண்டும்?

அரபிக் கடலில் ஒரே கடலுக்கு இரண்டு காற்று. குளிர்காலத்தில் ஆசியாவின் நிலப்பரப்பு குளிர்ந்து போகிறது. காற்று நிலத்திலிருந்து கடலுக்கு இறங்கி, வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. கோடையில் நிலம் கொதிக்கிறது. காற்று கடலிலிருந்து நிலத்துக்கு ஏறி, தென்மேற்கிலிருந்து வருகிறது. நம் கடற்கரைக்காரர்கள் வாடை என்றும் கச்சான் என்றும் சொல்லும் அதே ஜோடிதான். ஜான்ஜிபார்க்காரர்கள் சுவாஹிலி பாஷையில் வடக்குக் காற்றைக் 'கஸ்காஸி' என்றும் தெற்குக் காற்றைக் 'குஸி' என்றும் சொல்கிறார்கள். 'மான்சூன்' என்ற வார்த்தையே 'மவ்சிம்' என்ற அரபிச் சொல்லிலிருந்து வந்ததுதான். அர்த்தம், பருவம்.

கஸ்காஸி ஜனவரியில் கப்பலை அரேபியாவிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து ஜான்ஜிபாரில் விட்டது. பேரீச்சம்பழமும் உப்பும் இறக்கியாயிற்று. இனி குஸி வந்துதான் திருப்பிக் கொண்டுபோய் விடவேண்டும். ரிட்டர்ன் டிக்கெட் கையில் இருக்கிறது, பஸ் ஏப்ரலில்தான்.

"எதிர்க்காற்றில் கோணல்மாணலாக வளைந்து வளைந்து போகலாமே?" என்று கேட்பீர்கள். சின்னப் படகுக்கு முடியும். பாரம் ஏற்றிய பூமுக்கு முடியாது. அதன் பருமல், கப்பல் நீளத்துக்கு ஈடாக இருக்கும். பாயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்ற வேண்டுமானால் அந்தப் பருமலை மொத்தமாகப் பாய்மரத்தைச் சுற்றித் தூக்கிக் கொண்டுபோக வேண்டும். அதற்குக் கப்பலைக் காற்றுக்கு முதுகு காட்டித் திருப்ப வேண்டும். திருப்பும்போதே இதுவரை வந்த தூரத்தில் பாதி போய்விடும். போதாததற்கு சோமாலியா கரையோரக் கடல் நீரோட்டமும் காற்றோடு சேர்ந்து திசை மாற்றுகிற ஜாதி. வாடைக் காலத்தில் அதுவும் தெற்கே ஓடும். இரண்டடி முன்னால், மூன்றடி பின்னால். ஆக, காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதில் இன்னொரு சிக்கல். காற்று திரும்பியதும் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்பதும் இல்லை. ஏப்ரலில் குஸி குழந்தை. மே மாதம் வாலிபன். ஜூன், ஜூலையில் அது சோமாலியாவுக்கும் சொக்கோட்ராத் தீவுக்கும் அப்பால் பேயாக அடிக்கும். அந்தச் சமயத்தில் இந்தியாவின் மேற்குக் கரைத் துறைமுகங்கள் பாய்க்கப்பல்களுக்குக் கதவைச் சாத்திவிடும். இன்ஜின் வைத்த பிறகும் குஜராத் மாண்ட்வியின் மரக்கப்பல்கள் அந்த உச்ச நாட்களில் கரையேறி உட்கார்ந்துகொள்வது வழக்கம். மஸ்கட்டுக்கு நேர்க்கோட்டிலேயே சுமார் 4,000 கிலோமீட்டர். மூன்று, நான்கு வாரப் பயணம். ஏப்ரலிலோ மே தொடக்கத்திலோ கிளம்பினால் உண்டு. விட்டால் ஆகஸ்ட் கடைசி வரை அங்கேயேதான் குடித்தனம்.

ஆக, முன்னால் ஒரு சுவர், பின்னால் ஒரு சுவர். நடுவில் சின்ன சந்து. அந்தச் சந்து வழியாகக் கப்பல் நுழைய வேண்டும்.

* * *

சந்து எப்போது திறக்கும் என்று எப்படித் தெரியும்?

பையன் அப்படித்தான் கேட்கிறான். கப்பலில் ஒரு கிழவர் இருக்கிறார். பல் பாதி இல்லை. பாய் தைப்பதில் மன்னர். பையன் அவரை "அம்மி" என்று கூப்பிடுவான். பயப்படாதீர்கள், அரபியில் சித்தப்பாவுக்கு அதுதான் பெயர். நம் வீட்டுச் சட்னி விவகாரம் இல்லை.

"அம்மி, ரபீயுல் அவ்வல் மாசம் பிறந்தா காத்து திரும்பிடுமா?"

"மாசத்தை வச்சு காத்தைக் கணக்குப் பண்ணாதே மகனே. மாசம் நிலாவோடது. காத்து சூரியனோடது."

கிழவர் சொன்னதில் பெரிய சமாசாரம் இருக்கிறது. ஹிஜ்ரி வருஷம் நிலாக் கணக்கு. 354 நாள்தான். சூரிய வருஷத்தைவிடப் பதினொரு நாள் குறைவு. அதனால்தான் ரம்ஜான் ஒரு வருஷம் மழையில் வருகிறது, சில வருஷம் கழித்து வெயிலில் வருகிறது. ஆனால் காற்று ரம்ஜானைக் கேட்டு வருவதில்லை. அது சூரியனின் ஆள். எனவே அரபு மாலுமிகள் கடலுக்கென்று தனியாக ஒரு சூரியக் கணக்கு வைத்திருந்தார்கள். பாரசீகப் புத்தாண்டான நவ்ரோஸ் பெயரில் வருஷத்தை ஆரம்பித்து, முதல் நாள், இரண்டாம் நாள், நூறாவது நாள் என்று வெறுமனே எண்ணிக்கொண்டு போவார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் இப்னு மாஜித் என்ற மகா மாலுமி எழுதிய கடல்சாஸ்திர நூலிலேயே, எந்தத் துறைமுகத்திலிருந்து எந்த நாளில் கிளம்பலாம் என்பதெல்லாம் இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

அப்படியானால் நிலா எதற்கும் உதவாதா? உதவும். ஓதத்துக்கு. பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிக் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். ஜான்ஜிபாரில் அந்த நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நான்கு மீட்டர் வரை வித்தியாசம் இருக்கும். இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல். நடுவில் வரும் அஷ்டமி நாட்களில் கடல் சோம்பேறி. சரியாக ஏறாது, சரியாக வற்றாது.

மாலுமியின் சுவரில் இரண்டு காலண்டர். காற்றுக்குச் சூரியன், தண்ணீருக்கு நிலா. என் கதையில் இந்த இரண்டும் பையனை நடுவில் வைத்து மோதிக்கொள்கின்றன.

எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும், கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களும் உண்டு. மார்ச் மாதத்தில் கஸ்காஸி தொண்டை கட்டிப்போகும். காலையில் ஒரு மூச்சு, மாலையில் ஒரு மூச்சு. நடுப்பகலில் கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடக்கும். தெற்கே கறுப்பாக மேகம் ஏறும். திடீரென்று ஒரு பாட்டம் மழை, அதோடு ஒரு தெற்கத்திக் காற்று. எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அரை மணியில் மழை நிற்கும், காற்றும் நிற்கும். மழையோடு வந்து மழையோடு போகிற காற்றை நம்பக்கூடாது. மழை விட்ட பிறகும், ராத்திரியிலும், மறுநாள் காலையிலும் அதே பக்கத்திலிருந்து அடித்தால்தான் அது குஸி. இந்த இரண்டுங்கெட்டான் நாட்களுக்குச் சுவாஹிலியில் 'டங்கா ம்பிலி' என்று பெயர். 'இரண்டு பாய்' என்று அர்த்தம். எந்தப் பக்கமும் பாய் விரிக்கலாம், எந்தப் பக்கமும் உத்தரவாதம் இல்லை.

* * *

அதுவரை பையன் மல்லாந்து படுத்து நட்சத்திரம் எண்ணுகிறானா? அதற்கு நகுதா விடமாட்டார். நகுதா என்றால் கப்பல் தலைவர்.

முதல் வேலை பாய். பூம் கப்பலில் காற்று வலுத்தால் பாயைச் சுருக்கும் பழக்கமில்லை. பெரிய பாயை இறக்கிவிட்டுச் சின்னப் பாயை ஏற்றுவார்கள். அதனால் பல சைஸில் பாய்கள் வேண்டும். மணலில் பருத்தித் துணியை விரித்துப்போட்டு, உள்ளங்கையில் தோல் கட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தைப்பார்கள்.

இரண்டாவது வேலைதான் கதைக்கு வேண்டியது. கப்பலின் அடிவயிறு. வெப்பக் கடலில் மரத்துக்கு ஒரு எமன் உண்டு. கப்பல்புழு. புழு என்று பெயர், உண்மையில் அது சிப்பி வகையறா. குஞ்சாக இருக்கும்போது மரத்துக்குள் நுழைகிறது. வெளியே தெரிகிற துவாரம் குண்டூசி முனை அளவுதான். உள்ளே போய் வளர வளர விரல் பருமனுக்குச் சுரங்கம் தோண்டும். வெளியிலிருந்து பார்த்தால் பலகை மாப்பிள்ளை மாதிரி இருக்கும். உள்ளே இடியாப்பம்.

தேக்கை அது அவ்வளவு லேசில் தின்னாது. ஆனாலும் சும்மா விடாது. அதைத் தடுக்கத்தான் கப்பலின் அடியில் சுண்ணாம்பையும் மிருகக் கொழுப்பையும் குழைத்துக் கையாலேயே பூசுகிறார்கள். அது சில மாதத்தில் உரிந்துபோகும். மறுபடி பூச வேண்டும். அதற்கு ஓதம்தான் ஒர்க்ஷாப். காலிக் கப்பலைப் பெரிய ஓதத்தில் கரைப் பக்கம் கொண்டுவந்து நிறுத்துவார்கள். தண்ணீர் வற்றியதும் கப்பல் மணலில் உட்காரும். சிப்பியைச் சுரண்டி, பலகை இடுக்கில் எண்ணெயில் ஊறிய பருத்தியை உளியால் அடித்து நுழைத்து - நம் ஊரில் இதற்குக் கலப்பத்து என்பார்கள் - மேலே சுண்ணாம்புக் கொழுப்பைப் பூசி, தண்ணீர் திரும்புவதற்குள் முடிக்க வேண்டும். நாற்றத்தை நான் வர்ணிக்கவில்லை. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம்.

1939 ஏப்ரல் 4, பௌர்ணமி. மறுநாள் கப்பலைக் கரையேற்றிப் பூச ஆரம்பிக்கிறார்கள். இரண்டு நாளில் பூச்சை முடித்துவிட்டு, ஓதம் பெரிசாக இருக்கும்போதே இறக்கிவிடுவது நகுதாவின் திட்டம். பிறகு லாமு. அங்கே கண்டல் மரக் கழிகளை ஏற்ற வேண்டும். மரமே இல்லாத குவைத்தில் வீட்டுக் கூரைக்கு அதுதான் உத்தரம். அறையின் அகலத்தையே அந்தக் கழியின் நீளத்தை வைத்துத்தான் தீர்மானிப்பார்களாம். கழிகளை எண்ணுவது 'கோர்ஜா' கணக்கில். ஒரு கோர்ஜா இருபது கழி. ஏற்றி முடித்தால் நேரே ஊர்.

பையனிடம் ஒரு மரச் சுத்தி கொடுத்து, பலகைகளைத் தட்டிப் பார்க்கச் சொல்கிறார் கிழவர். நல்ல பலகை 'டணார்' என்று பதில் சொல்லும். கெட்டுப்போன பலகை 'பொத்' என்று முனகும். தேங்காய் வாங்கும்போது நாம் தட்டிப் பார்ப்பதில்லையா, அது மாதிரி.

டணார். டணார். டணார். அணியத்துக்குப் பக்கத்தில், அடியில், பொத்.

பையன் மறுபடி தட்டுகிறான். பொத்.

சுற்றிலும் பார்க்கிறான். யாரும் கவனிக்கவில்லை.

* * *

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, பையனின் பாக்கெட்டுக்குள் எட்டிப்பார்க்க வேண்டும். நான் பி.காம். கணக்கு பார்க்காமல் என்னால் ஒரு சோகத்தை நம்ப முடியாது.

குவைத் கப்பலில் மாலுமிக்குச் சம்பளம் கிடையாது. பங்குதான். பயணத்தில் வந்த சரக்குக் கட்டணத்தில் சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மீதியில் பாதி கப்பலுக்கு, அதாவது முதலாளிக்கு. பாதி ஆட்களுக்கு. சாதாரண மாலுமிக்கு ஒரு பங்கு, மற்ற பெரிய ஆட்களுக்குக் கூடுதல். அந்தக் காலத்தில் குவைத்தில் புழங்கியது நம் இந்திய ரூபாய் என்பதால் கணக்குப் போடுவது எனக்குச் சுலபம். கீழே வரும் தொகைகள் என் கதைக்காக நான் வைத்துக்கொண்டவை.

மொத்த வருமானம் 10,000 ரூபாய். சாப்பாடு 2,000. மீதி 8,000. முதலாளிக்கு 4,000, ஆட்களுக்கு 4,000. இருபத்தைந்து பேர், ஆனால் நகுதா முதலானவர்களுக்குப் பங்கு அதிகம் என்பதால் மொத்தம் 32 பங்கு. பங்குக்கு 125 ரூபாய். ஒன்பது மாத உழைப்புக்கு.

அது முழுசாகக் கைக்கு வராது. கிளம்பும்போதே முன்பணம் 80 ரூபாய் வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறியிருக்கிறான். ஆக, ஊர் போனால் 45.

இப்போது காத்திருப்புக்கு விலை போடுங்கள். கப்பல் நின்றாலும் வயிறு நிற்காது. இருபத்தைந்து பேர் ஒரு மாதம் அரிசியும் மீனும் பேரீச்சையும் சாப்பிட 200 ரூபாய். வருமானம் ஒரு பைசா கூடாது. அந்த 200-ல் பாதி ஆட்கள் தலையில். 100 ரூபாயை 32-ஆல் வகுத்தால் பங்குக்கு 3 ரூபாய் 2 அணா. மாதம் ஒன்றுக்குப் பையனுக்கு நஷ்டம் அவ்வளவுதான்.

"இவ்வளவுதானா?" என்கிறீர்களா? இது கணக்குப் புத்தகத்தில் ஏறுகிற நஷ்டம். ஏறாத நஷ்டம் வேறு. குவைத் மாலுமிகளில் பலர் கப்பல் வேலை முடிந்ததும் கோடையில் முத்துக் குளிக்கப் போவார்கள். பாரசீக வளைகுடாவில் அந்தப் பெரிய சீசன் கோடை தொடக்கத்தில் ஆரம்பித்து செப்டம்பரில் முடியும். ஜப்பான்காரன் வளர்ப்பு முத்து விற்க ஆரம்பித்த பிறகு 1930-களில் அந்தத் தொழில் படுத்துக்கொண்டிருந்தது. படகுகள் வருஷா வருஷம் குறைந்தன. பையனின் அப்பா முத்துக் குளித்தவர். செத்துப்போனார். கடனை விட்டுவிட்டுப் போனார். அப்பன் கடனைப் பிள்ளை தலையில் கட்டுவது அந்தக் கரையில் பழைய வழக்கம். படகுக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஜூன் தொடக்கத்துக்குள் வந்தால் பையனுக்கு இடம் உண்டு, அப்பன் கடனில் ஒரு பகுதி கழியும். வராவிட்டால் படகு நிற்காது.

ஏப்ரல் 7-ல் இறங்கினால் லாமுவில் கழி ஏற்றிக்கொண்டு, மே மாதம் மஸ்கட், மே கடைசியில் குவைத். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

பலகை கெட்டுவிட்டது என்று சொன்னால்?

பூச்சு என்றால் ஒரு வற்றத்துக்குள் முடிகிற வேலை. பலகை மாற்றுவது அப்படி இல்லை. கெட்டதை வெட்டி எடுக்க வேண்டும். புதுத் தேக்கை வளைவுக்குத் தகுந்தபடி இழைக்க வேண்டும். ஆணி அடித்து, கலப்பத்து பண்ண வேண்டும். பல நாள் தண்ணீர் படக்கூடாது. அதற்குக் கப்பலை இந்தப் பௌர்ணமி ஓதத்திலேயே முடிந்தவரை மேலே இழுத்துவிடுவார்கள். அடுத்த நாட்களில் ஓதம் குறைந்துகொண்டே போகும், தண்ணீர் கப்பலைத் தொடாது. வேலைக்கு அது சௌகரியம். ஆனால் பௌர்ணமியில் ஏறிய கப்பல் அமாவாசையில்தான் இறங்க முடியும். அமாவாசை ஏப்ரல் 19.

இரண்டு வாரம். படகு போய்விடும்.

சொல்லாவிட்டால்? மேலே சுண்ணாம்பைப் பூசினால் யாருக்கும் தெரியாது. அந்தப் பலகை இன்னொரு பயணம் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். கழி ஏற்றிய கப்பல், பின்னாலிருந்து தள்ளும் குஸி, ஆப்பிரிக்காவுக்கும் அரேபியாவுக்கும் நடுவில் கரை தெரியாத கடல். அங்கே அணியத்துப் பலகை வாயைத் திறந்தால் இருபத்தைந்து பேரும் வாளியால் இறைக்க வேண்டியதுதான். சரக்கைக் கடலில் எறிந்தால் பங்கும் இல்லை. அதையும் மீறித் தண்ணீர் வந்தால் பங்கு கேட்க ஆளும் இல்லை.

பையன் இதையெல்லாம் அளந்து பார்த்தானா? இல்லை. அவனுக்கு அம்மா முகம் தெரிந்தது. அப்புறம், பத்தடி தள்ளிக் கொழுப்பைக் குழைத்துக்கொண்டு, பொக்கை வாயால் ஏதோ பாடிக்கொண்டிருந்த கிழவர் தெரிந்தார். அவருக்கு நீச்சல் வராது என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

"அம்மி... இங்க வாங்க. இது சரியில்லை."

கிழவர் தட்டினார். கத்தியால் குத்தினார். கத்தி வெண்ணெய்க்குள் போகிற மாதிரி பிடி வரை போயிற்று. நகுதா வந்து பார்த்தார். யாரையும் திட்டவில்லை. தெற்கே பார்த்தார். அன்றைக்கென்று காற்று தெற்கிலிருந்து அழகாக, சீராக அடித்துக்கொண்டிருந்தது. மறுநாளும் அடித்தது. அன்று மாலை பக்கத்தில் நின்ற இரண்டு கப்பல்கள் பாட்டுப் பாடிக்கொண்டே பாயை ஏற்றிக் கிளம்பின. பையன் மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவை சின்னதாகிப் போவதைப் பார்த்தான். காற்றுக்காகக் காத்திருந்தது போய், இப்போது காற்று இருந்தும் தண்ணீருக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

கப்பல் ஏப்ரல் 20-ல் மிதந்தது. லாமுவில் கழி ஏற்றி, மே தொடக்கத்தில் புறப்பட்டது. குஸி இப்போது வாலிபன். கப்பலைத் தூக்கிக்கொண்டு ஓடினான். இரண்டு தடவை பெரிய பாயை இறக்கிச் சின்னதை ஏற்றினார்கள். புதுப் பலகை ஒரு சொட்டு விடவில்லை. வளைகுடாவுக்குள் நுழைந்ததும் வடமேற்குக் காற்று முகத்தில் அடித்து வேகத்தைக் கெடுத்தது. குவைத்தில் நங்கூரம் போட்டபோது ஜூன் பாதி. முத்துப் படகு போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

நகுதா கணக்கு முடித்தார். பலகைச் செலவு முதலாளி பங்கில். இரண்டு வாரச் சாப்பாடு பொதுவில். அதாவது பங்குக்கு 1 ரூபாய் 9 அணா குறைவு. 125-ல் அது போக 123 ரூபாய் 7 அணா. முன்பணம் 80 கழித்தால் 43 ரூபாய் 7 அணா. பையன் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தான். சரியாக இருந்தது. அப்பன் கடன் அப்படியே இருந்தது.

அந்தப் பலகையைப் பற்றி யாரும் பேசவில்லை. கணக்கு நோட்டில் அதற்குப் பத்தி கிடையாது. ஆனால் பேரீச்சம்பழம் அறுவடையாகி, அடுத்த பயணத்துக்கு ஆள் எடுக்கும்போது நகுதா அவனைக் கூப்பிட்டு முன்பணமாக 80-க்குப் பதில் 100 ரூபாய் நீட்டினார். பையனுக்குப் புரிந்தது. அந்தத் தொழிலில் உன்னை மதிக்கிறேன் என்று சொல்வதற்கு வேறு வார்த்தை இல்லை. கடனை இருபது ரூபாய் கூட்டிக் கொடுப்பார்கள்.

கதை இங்கே முடிகிறது. பையனின் கதை முடியவில்லை. குவைத்தில் எண்ணெய் இருப்பது 1938-லேயே தெரிந்துவிட்டது. யுத்தம் முடிந்து 1946-ல் முதல் எண்ணெய்க் கப்பல் கிளம்பியது. மாலுமிகள் ஒருவர் பின் ஒருவராகக் கரையேறி எண்ணெய்க் கம்பெனி வேலைக்குப் போனார்கள். பூம் கப்பல்கள் ஆளில்லாமல் மணலில் சாய்ந்தன. பையனுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. அவனும் போயிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். காற்று வடக்கிலிருந்து அடித்தாலும் தெற்கிலிருந்து அடித்தாலும், அடிக்கவே அடிக்காவிட்டாலும், ஒன்றாம் தேதி சம்பளம்.